ஆண்டறிக்கை 2025: படம் இருக்கிறது, ஆனால் திறக்கிறதா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இயங்கும் நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் இங்கே வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது, மழையால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் நான் அதிகம் பேசப்போவது நம் படத்தொகுப்பைப் பற்றி, ஏனென்றால் இந்த ஆண்டு அதில்தான் நமக்குப் பெரிய இழப்பும் நடந்தது, பெரிய வேலையும் நடந்தது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்தில் பல வீடுகளில் ஆல்பங்கள் ஊறிப்போயின. மிச்சமிருந்ததையாவது காப்பாற்றுவோம் என்று 2016இல் வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்கி, நல்ல ஸ்கேனர் இல்லாததால் ஒரு உறுப்பினரின் கேமராவைத் தாங்கியில் மாட்டி ஒவ்வொன்றாகப் படமெடுத்தோம். கல்யாணங்கள், திருப்பாதிரிப்புலியூர்த் தேர், சுனாமிக்கு முந்தைய கடற்கரை, தானே புயல் சாய்த்த மரங்கள் என்று அது வளர்ந்து இப்போது 24,180 படங்கள், சுமார் 110 ஜிபி. ஒரு ஹார்டு டிஸ்க் என் வீட்டில், இன்னொன்று தலைவர் வீட்டில். லேப்டாப்பில் இருந்த மூலத்தை இடம் போதாமல் 2023இல் அழித்துவிட்டோம், இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்ற தைரியத்தில்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது தலைவர் டிஸ்கை மாடிக்குக் கொண்டுபோனார். தண்ணீர் படவில்லை. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஜனவரியில் இரண்டு டிஸ்கையும் எடுத்து வைத்துக்கொண்டு துணைச் செயலாளரும் நானும் உட்கார்ந்தோம்.

அதுவரை வருடா வருடம் நான் செய்துவந்த சோதனையைச் சொல்கிறேன். டிஸ்கை மாட்டுவேன், ஃபோல்டர்களைத் திறந்து சின்னப் படங்கள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பேன், முதல் ஃபோல்டரில் நாலைந்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், மொத்த எண்ணிக்கையும் அளவும் சரியாக இருந்தால் மூடி வைத்துவிடுவேன். இதில் மூன்று ஓட்டைகள் இருந்தன, மூன்றும் இப்போதுதான் எனக்குப் புரிந்தன. கேமரா எடுக்கும் படக் கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒரு குட்டிப் படம் பதிந்திருக்கும், ஃபோல்டரில் நாம் பார்ப்பது பல நேரம் அதைத்தான், ஆகவே பெரிய படம் பாதி அழிந்திருந்தாலும் குட்டிப் படம் பளிச்சென்று தெரியும். கோப்பின் அளவு டிஸ்கின் பதிவேட்டிலிருந்து வருகிறது, உள்ளே வெறும் பூஜ்யங்கள் இருந்தாலும் அந்த எண் மாறாது. மூன்றாவது, நாம் கையால் தேர்ந்தெடுத்துத் திறந்தால் எப்போதும் முதல் ஃபோல்டர், பிடித்த படம் என்றுதான் போவோம். கோளாறு பெரும்பாலும் காப்பி செய்ததின் கடைசியில்தான் ஒளிந்திருக்கும்.

துணைச் செயலாளர் தன் லினக்ஸ் லேப்டாப்பில் டிஸ்கின் ஃபோல்டருக்குள் போய் இதை ஓட்டினார்:

```
find . -type f -iname '*.jpg' | shuf -n 30
```

எல்லா ஃபோல்டரிலிருந்தும் கலைத்துப்போட்டு 30 பெயர்களை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த முப்பதையும் முழு அளவில் திறந்து, கீழ் ஓரம் வரை கண்ணால் பார்த்தோம். பதினேழாவது படத்தில் மேல்பாதியில் மணமக்கள், கீழ்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அதே படத்தை இன்னொரு டிஸ்கில் திறந்தோம், அங்கேயும் அதே சாம்பல்.

அடுத்ததாக எல்லாக் கோப்பையும் உள்ளே போய்ப் படித்துப் பார்க்கும் நிரலை ஓட்டினோம்:

```
find . -type f -iname '*.jpg' -exec jpeginfo -c {} + | grep -E 'WARNING|ERROR'
```

212 படங்கள் பழுது. எல்லாமே அடுத்தடுத்த இரண்டு ஃபோல்டர்களில், 2022இல் ஒரு மாலை கடைசியாகக் காப்பி செய்தவை. அன்று திரையில் 100% என்று வந்ததும் டிஸ்கைப் பாதுகாப்பாக வெளியேற்றாமல் நானே பிடுங்கினேன். காப்பி முடிந்தது என்று திரை சொல்லும்போது கடைசிப் பகுதி இன்னும் கணினியின் நினைவகத்திலேயே நின்றிருக்கலாம், டிஸ்கில் இறங்கியிருக்காது. பெயரும் அளவும் பதிந்துவிட்டன, உள்ளடக்கம் பாதி வரவில்லை. அப்புறம் 2023இல் இந்த டிஸ்கிலிருந்துதான் தலைவர் வீட்டு டிஸ்கை உருவாக்கினோம், பழுதும் அப்படியே நகலாகிப் போனது.

212இல் 118 படங்கள் கேமரா வைத்திருந்த உறுப்பினரின் பழைய பென் டிரைவில் நல்லபடியாகக் கிடைத்தன. 33 படங்களுக்கு அசல் ஆல்பம் இன்னும் இருந்தது, மறுபடி எடுத்தோம். மிச்சம் 61. அந்த அசல்கள் 2015 தண்ணீரில் ஊறி, நாம் படமெடுத்த பின் பூஞ்சை பிடித்துத் தூக்கியெறியப்பட்டவை. அந்த வீட்டுக்காரர்களை நான் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னேன்.

முப்பது படத்தில் ஒன்று அகப்பட்டது நம் நல்ல நேரம். 24,180இல் 212 என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த அளவுப் பழுதுக்கு முப்பது படம் திறந்தால் நான்கு முறையில் மூன்று முறை ஒன்றுமே சிக்காது, முந்நூறு திறந்தால்தான் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சிக்கும். ஆகவே முப்பதும் நன்றாகத் திறந்தால் மொத்தமும் நன்றாக இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெருவாரியாக ஏதாவது கெட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஒன்றிரண்டு படம் கெட்டால் பிடிக்க வேறு வழி வேண்டும், அதுதான் செக்சம்.

செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. SHA-256 முறையில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் வரும், கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தத் தொடர் முழுக்க வேறாகிவிடும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கைரேகை எடுத்த நாளில் கோப்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும், படம் நல்ல படமா என்று அதற்குத் தெரியாது. 2023இல் நாம் செக்சம் எடுத்திருந்தால் அந்த 212 சாம்பல் படங்களும் இரண்டு டிஸ்கிலும் ஒத்துப்போகின்றன என்றுதான் வந்திருக்கும். எனவே முதலில் படங்கள் திறக்கின்றன என்று உறுதி செய்து, அதன்பின் பட்டியல் எடுக்க வேண்டும், அந்த வரிசையை மாற்றக் கூடாது.

பிப்ரவரியில், திருத்திய தொகுப்பில் அப்படித்தான் செய்தோம்:

```
find . -type f -exec sha256sum {} + > ~/padam-2025.txt
sha256sum -c --quiet ~/padam-2025.txt
```

முதல் வரி பட்டியலை உருவாக்கும், இரண்டாவது வரியை டிஸ்கை மாட்டி அதே ஃபோல்டருக்குள் நின்று ஓட்டினால் ஒத்துப்போகாதவற்றை மட்டும் சொல்லும். பட்டியல் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே போகிறது, உள்ளே வைத்தால் அது தன்னையே பட்டியலில் சேர்த்துக்கொண்டு குழப்பும். தலைவர் டிஸ்குக்குப் புதிதாகக் காப்பி செய்ததும் உடனே ஒப்பிடவில்லை, ஏனென்றால் அப்போது கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். முறையாக வெளியேற்றி, கழற்றி, மறுபடி மாட்டிய பிறகே ஒப்பிட்டோம். ஒரு டிஸ்குக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரு கோப்பை மட்டும் பார்க்க `certutil -hashfile padam.jpg SHA256` என்று கொடுத்தால் அதே 64 எழுத்து வரும்.

ஆகஸ்டில் என் வீட்டு டிஸ்கை ஒப்பிட்டபோது மூன்று படங்களுக்கு `FAILED` என்று வந்தது. எனக்குப் பதறியது, ஆனால் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் பழுது இல்லை. இரண்டு படங்களில் கோப்பு மாற்றப்பட்ட தேதி ஜூன் மாதத்தைக் காட்டியது: நூலகக் கண்காட்சிக்காகப் படம் தேடிய ஒருவர் சாய்ந்திருந்ததைத் திருப்பிச் சேமித்திருக்கிறார். படம் நன்றாக இருந்தது, பட்டியலில் அந்த இரண்டு வரியை மட்டும் புதுப்பித்தோம். மூன்றாவதுதான் உண்மையான கோளாறு. தேதியும் அளவும் பிப்ரவரியில் இருந்தபடியே இருந்தன, உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தது. யாரும் தொடாமல் உள்ளே மாறுவது டிஸ்க் கெடுவதற்கான அடையாளம். திறந்து பார்த்தால் தேரின் நடுவில் ஒரு பட்டை, அதற்குக் கீழே எல்லாம் பச்சையாகச் சாயம் மாறியிருந்தது. இந்தப் படத்தை jpeginfo குறையில்லை என்றுதான் சொன்னது, இப்படிப்பட்ட மாற்றம் பலமுறை அதன் கண்ணில் படாது. தலைவர் டிஸ்கில் அதே படத்தின் செக்சம் பிப்ரவரிப் பட்டியலோடு ஒத்துப்போனது, எது நல்ல பிரதி என்று வாக்குவாதமே இல்லாமல் அங்கிருந்து எடுத்து வைத்தோம். சந்தேகத்துக்கு இடமான என் வீட்டு டிஸ்கை அக்டோபரில் மாற்றினோம், செலவு பொருளாளர் கணக்கில் இருக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பிடும்போது பட்டியலில் இருக்கும் கோப்புகளை மட்டுமே அது பார்க்கும். புதிதாகச் சேர்த்த படங்களைப் பற்றி வாயே திறக்காது. செப்டம்பருக்குப் பின் வந்த 140 படங்களுக்கு இப்படித்தான் இரண்டு மாதம் கைரேகை இல்லாமல் இருந்தது. இப்போது படம் சேர்ப்பவரே திறந்து பார்த்து, அன்றே பட்டியலிலும் சேர்க்கிறார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு: ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், இரண்டு டிஸ்கையும் பட்டியலோடு ஒப்பிடுவது, அதே நாளில் கலைத்துப்போட்டு 50 படங்களைச் செயற்குழுவில் இருவர் சேர்ந்து திறந்து பார்ப்பது. கூடவே மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கிக் கடலூருக்கு வெளியே, புதுச்சேரியில் இருக்கும் நம் உறுப்பினர் வீட்டில் வைப்பது.

அந்த 61 படங்களின் மேல்பாதியை அச்செடுத்து மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 2016க்கும் 2022க்கும் இடையில் நம்மிடமிருந்து பென் டிரைவிலோ மொபைலிலோ படம் வாங்கிப் போனவர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பியவர்கள், சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒருமுறை அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒன்று உங்களிடம் இருந்தால் துணைச் செயலாளரிடம் படத்தின் எண்ணைச் சொல்லுங்கள், லேப்டாப்போடு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.