பாதத்துக்குச் சீட்டு கொடுத்தீர்கள், முதுகைப் பார்த்தீர்களா?

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், மாணவர் நல முகாமை நடத்திய பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மும்பையில் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் உங்கள் பள்ளியில் சென்ற ஆண்டின் இறுதியில் நடந்த எலும்பு, பாதப் பரிசோதனை முகாமைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. எத்தனை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், எத்தனை பேர் கையில் சீட்டோடு வீடு திரும்பினார்கள் என்ற கணக்கு உங்களிடமே இருக்கிறது. அந்தச் சீட்டுகளில் சில, பெற்றோர்களின் கைவழியாக, இயன்முறை சிகிச்சை செய்யும் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏழாம் வகுப்பில் படிக்கும், இன்னும் பூப்பெய்தாத ஒரு சிறுமியின் சீட்டில் ‘இரு பாதமும் தட்டை, இன்சோல் அவசியம்’ என்று எழுதியிருந்தது. தாராவியில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அவள் தாயார், முகாமின் வாசலில் மேசை போட்டிருந்தவரிடமே பணம் கட்டி அந்த இன்சோலை வாங்கினார். பொங்கலுக்குப் புதுத்துணி தைக்க அளவெடுத்தபோது மகளின் இரண்டு தோள்களும் ஒரே உயரத்தில் இல்லை என்பதையும், வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் பின்னால் தள்ளி நிற்பதையும் கண்டு பயந்துபோய் என்னிடம் அழைத்து வந்தார். உங்கள் முகாம் பார்க்காததை அளவு நாடா வைத்திருந்த ஒரு தாய் பார்த்திருக்கிறார்.

அந்தச் சிறுமியை நான் பரிசோதித்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் முகாமில் நடந்திருக்க வேண்டியது அதுதான். காலணியைக் கழற்றி, முதுகு தெரியும்படி பின்பக்கம் திறந்த ஓர் அங்கியை அணிவித்து, பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் ஒன்று சேர்த்துத் தொங்கவிட்டு மெதுவாகக் குனியச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்து முதுகின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தபோது, வலப்பக்க விலா எலும்புகள் இடப்பக்கத்தைவிட மேடாக எழுந்து நின்றன. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது அது தன் அச்சிலும் திருகிக்கொள்வதால்தான் இந்த மேடு உண்டாகிறது. நிமிர்ந்து நிற்கும்போது, அதுவும் சீருடைக்குள், இது பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. அந்த மேட்டின்மேல் குறுக்காக வைத்த, முதுகின் சாய்வை அளக்கும் கருவியான ஸ்கோலியோமீட்டர் 11 டிகிரி காட்டியது. கால்களில் ஒன்று நீளம் குறைந்திருந்தாலும் முதுகு இப்படிச் சாயக்கூடும் என்பதால் நாற்காலியில் உட்கார வைத்து மீண்டும் குனியச் சொன்னேன். மேடு அப்படியே இருந்தது. முதுகுத்தண்டு மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 32 டிகிரி.

32 டிகிரி என்றால் என்ன என்பதை உங்களில் மருத்துவர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் அந்த அளவு வளைவு இருக்கும், அவர்களில் பெரும்பாலோருக்குக் கண்காணிப்பே போதும். வளர்ச்சி இன்னும் மீதமிருக்கும்போதே வளைவு 25 டிகிரியைத் தாண்டிவிட்டால் பிரேஸ் எனப்படும் இறுக்கமான உறையைப் போட வேண்டும். 50 டிகிரியை நெருங்கினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வட அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினர் வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியை எட்டாமல் தப்பினார்கள். வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 48 விழுக்காட்டினரே தப்பினார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணிந்தார்களோ அந்த அளவுக்குப் பலனும் கூடியது. ஆனால் உடல் வேகமாக உயரும் அந்தச் சில ஆண்டுகளுக்குள் தொடங்கினால்தான் பிரேஸ் பயன் தரும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பூப்பெய்துவதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. முகாம் நடந்த அன்று இந்தச் சிறுமியின் வளைவு எத்தனை டிகிரி இருந்தது என்று இனி அறிய வழியில்லை. அவளுடைய பாதங்களையும் நான் பார்த்தேன். வலி இல்லை, நுனிக்காலில் எம்பி நின்றவுடன் உள்வளைவு அழகாக எழுந்தது, குதிகால்கள் உள்நோக்கித் திரும்பின. அந்தப் பாதங்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

ஆகவே என் கோரிக்கையை இங்கேயே வைக்கிறேன். அடுத்த முகாமில் பாதத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள். பெண் பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், ஆண் பிள்ளைகளை 13 அல்லது 14 வயதில் ஒருமுறையும், திரைக்குப் பின்னால், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பரிசோதகரைக் கொண்டு, குனிய வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மேடு தெரிகிற எல்லோரையும் மருத்துவரிடம் துரத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் தேவையற்ற எக்ஸ்ரேக்களும் தூக்கமிழந்த பெற்றோர்களும்தான் மிஞ்சுவார்கள். ஸ்கோலியோமீட்டரில் 7 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும், 5 அல்லது 6 இருந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதும், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுவதும் நியாயமான நடைமுறை. அதேபோல், உங்கள் சீட்டுகளில் ‘கூன்’ என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளில் நான் பார்த்தவர்கள், நிமிர்ந்து நில் என்றதும் நிமிர்ந்தார்கள். குப்புறப் படுக்க வைத்தபோது முதுகு தட்டையானது. அது உட்காரும் பழக்கம், நோய் அல்ல. எவ்வளவு முயன்றாலும் நிமிராத, குனியும்போது கூர்மையாகப் புடைக்கும் கூன்தான் மருத்துவர் பார்க்க வேண்டியது.

இனி பாதங்களுக்கு வருகிறேன். யு.கே.ஜி. படிக்கும் ஒரு குழந்தைக்கும் இதே வாசகத்தோடு சீட்டு கொடுத்திருக்கிறீர்கள். அந்த வயதில் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருக்கும், மூட்டு நார்கள் தளர்ந்திருக்கும், உள்வளைவு பத்து வயதுவரைகூட மெல்ல உருவாகும். இன்சோலோ சிறப்புக் காலணியோ அந்த வளைவை உண்டாக்குவதில்லை. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் அவற்றை அணிவித்துப் பார்த்தும், சாதாரணக் காலணி அணிந்த குழந்தைகளின் பாதத்திலிருந்து எந்த வேறுபாடும் தெரியவில்லை. நம் நாட்டிலேயே மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களிடம் 8.6 விழுக்காடும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் 2.8 விழுக்காடும் தட்டைப் பாதம் இருந்தது. எல்.கே.ஜி.யிலிருந்தே நாள் முழுவதும் இறுக்கமான கறுப்பு ஷூ கட்டாயம் என்று விதி வைத்திருக்கும் பள்ளி, அதே குழந்தையின் பாதம் தட்டை என்று சீட்டெழுதி, அதற்கு மருந்தாக ஷூவுக்குள் வைக்க இன்னொன்றை வாங்கச் சொல்வது எந்த வகையில் சரி? விளையாட்டு நேரத்திலாவது சிறு பிள்ளைகளை வெறுங்காலோடு விடலாகாதா? மாத வாடகைக்கே திண்டாடும் குடும்பங்களிடம், தேவையில்லாத பொருளை, பள்ளி வளாகத்துக்குள்ளேயே விற்க அனுமதித்தது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. கடுமையாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆனால் அந்தச் சொற்களை நான் திரும்பப் பெற மாட்டேன்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய பாதமும் உங்கள் வரிசையில் நின்றிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வலது கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. கபடி ஆடிய மறுநாள் நொண்டுகிறான். நுனிக்காலில் எம்பச் சொன்னால் இடது பாதத்தில் எழும் வளைவு வலது பாதத்தில் எழுவதில்லை, குதிகாலும் திரும்புவதில்லை. கணுக்காலுக்குக் கீழே பிரிந்திருக்க வேண்டிய இரு எலும்புகள் ஒட்டி வளர்ந்திருந்தால், வளரும் வயதில் அந்த இணைப்பு இறுகும்போது பாதம் இப்படி விறைத்துப்போகும். எலும்பு மருத்துவர்தான் படம் எடுத்து அதை உறுதி செய்ய வேண்டும். அவனுக்கும் யு.கே.ஜி. குழந்தைக்கும் ஒரே சீட்டு, ஒரே இன்சோல். பாதம் தட்டையா இல்லையா என்பது மட்டும் கேள்வி அல்ல. வலிக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் அப்படியா, முழங்காலை நீட்டியபடி பாதத்தை மேலே மடக்க முடியாத அளவுக்குக் குதிகால் தசைநார் இறுகியிருக்கிறதா என்பவையே கேள்விகள். இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் அனுப்புங்கள். எதுவும் இல்லையென்றால் பெற்றோரிடம், கவலை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அதுவும் ஒரு முகாம் தரவேண்டிய சீட்டுதான்.

ஒன்றை மட்டும் தாமதமின்றிச் செய்யவேண்டியதாகத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொன்னால் முதுகை வளைக்காமல், விறைப்பாக முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும் பிள்ளை, இரவில் முதுகு வலியால் எழும் பிள்ளை, அதோடு மாலைக் காய்ச்சலோ எடைக்குறைவோ உள்ள பிள்ளை முதுகெலும்புக் காசநோயாளியாக இருக்கலாம். காசநோய் நன்கு தெரிந்த இந்த நகரத்தில் அதை மறந்துவிட்டு எந்தப் பரிசோதனையும் நடத்தக் கூடாது. கால் பலமிழப்பதோ, சிறுநீரை அடக்க முடியாமல் போவதோ சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முகாமில் முதுகை முதலில் பாருங்கள், பாதங்களை எம்பச் சொல்லிப் பாருங்கள், விற்பனை மேசையை வளாகத்துக்குள் விடாதீர்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் இந்தப் பரிசோதனைகளைக் கட்டணமின்றிக் கற்றுத் தர நான் தயாராக இருக்கிறேன். அதற்கு முன்பாக, சென்ற முகாமில் வந்த ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவிகளின் பட்டியலை எடுத்து, பெற்றோர் சம்மதத்தோடு அவர்களின் முதுகை மட்டுமாவது மறுபடி பார்க்க இந்த மாதத்திலேயே ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். எந்த நாள் என்று எழுத்தில் தெரிவித்தால் ஸ்கோலியோமீட்டரோடும் பெண் உதவியாளரோடும் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்,
செம்பூர், மும்பை