சேவை தடைபட்டால் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

குழுவினருக்கு வணக்கம். "தொழில்நுட்பக் கோளாறு" என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். படிப்பவருக்கு அது எதையும் சொல்லாது. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகித் தளம் முடங்கினால் இப்படி எழுதலாம்:

"இன்று காலை 9.10 முதல் 10.25 வரை உங்களால் எங்கள் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. தளம் எங்களுடையதுதான் என்று உங்கள் பிரவுசருக்கு உறுதிசொல்லும் சான்றிதழை நாங்கள் உரிய நாளில் புதுப்பிக்கவில்லை. அதனால் பிரவுசர் எச்சரிக்கை காட்டித் தடுத்தது. புதிய சான்றிதழைப் பொருத்திவிட்டோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

தகவல் கசியவில்லை என்ற வரியை, பதிவுகளைச் சரிபார்த்த பிறகே சேருங்கள். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனவர்களும் இருக்கலாம்.

"இனி கவனமாக இருப்போம்" என்பது தடுப்பு நடவடிக்கை ஆகாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு மட்டும் போதாது: புதிய சான்றிதழ் வந்தும், சர்வர் அதை ஏற்றாமல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே, தளம் காட்டும் சான்றிதழின் முடிவுத் தேதியை வெளியிலிருந்து தினமும் சோதித்து, 30 நாள் இருக்கும்போதே இருவருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அது இயங்கத் தொடங்கியிருந்தால் "செய்துவிட்டோம்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் அந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்று குறிப்பிடுங்கள்.