அளவும் படமும் இந்த லாட்டுடையதாக இருக்கட்டும், அண்ணா

அன்புள்ள அண்ணா,

வணக்கம். திருப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பும் ரவுண்ட் நெக் டி-சர்ட்டுகளின் தையலை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. எனக்குத் திரும்பி வருவதெல்லாம் அளவாலும் நிறத்தாலும்தான்.

போன லாட்டில் எல் சைஸ் நீளம் 28 அங்குலம் என்று எழுதியிருந்தீர்கள். பிரித்ததும் அளந்தேன், சரியாக இருந்தது. ஒரு தடவை அலசிக் காயவைத்து அளந்தால் 26½. ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறுகிறது என்று திருப்பி அனுப்புகிறவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? போக, வர இரண்டு கூரியர் செலவும் என் தலையில்தான். காம்பாக்டிங் சரியாக விழாத துணியும், இழுத்து விரித்து வெட்டிய துணியும் முதல் அலசலில் இப்படித்தான் சுருங்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பீஸை அலசி, அலசுவதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவு இரண்டையும் எழுதி அனுப்புங்கள். மார்பளவைச் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே குறுக்காக அளந்து சொல்லுங்கள். லேபிளில் 40 என்று இருப்பது உடம்பின் அளவா, சட்டையின் அளவா என்று வாங்குபவருக்குப் புரிவதில்லை.

துணி 180 ஜிஎஸ்எம் என்றீர்கள். வட்டக் கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி நிறுத்தேன்: 1.62 கிராம். அதாவது சதுர மீட்டருக்கு 162 கிராம். ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் நான் பேசவே மாட்டேன், இது பத்து சதவீதம் குறைவு. வெள்ளை நிறத்தில் அந்த வித்தியாசம் உள்பனியன் தெரிகிற அளவுக்குப் போய்விடுகிறது. 160 ஜிஎஸ்எம் துணியும் விற்கும், அண்ணா. 160 என்றே சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றுக்கொள்கிறேன்.

படத்துக்கு வருகிறேன். டியூப் லைட்டில் எடுத்த படத்தில் நேவி ப்ளூ கறுப்பாகவே தெரிகிறது. பகலில், நேர் வெயில் படாத நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சட்டையின் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். முன்பக்கம், பின்பக்கம், காலர் ரிப், உள்தையல், மார்பின் குறுக்கே டேப் வைத்த படம், இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் துணியின் பின்னலே மங்கிவிடுகிறது. சாயப்பட்டறையில் லாட்டுக்கு லாட் ஷேட் மாறும் என்பதால் பழைய படத்தை மறுபடி அனுப்பாதீர்கள்.

கிரே மெலாஞ்சில் பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலந்திருந்தால் அந்த விகிதமும் வேண்டும். தெரியாமல் அதை நூறு சதவீதம் காட்டன் என்று போட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த லாட்டுக்கு இந்த விவரமும் படங்களும் வந்த அன்றே அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை