பன்னா அளக்காமல் மார்க்கர் போடாதீர்கள்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும் பிளானிங், மெர்ச்சன்டைசிங் பிரிவினருக்கும்,

வணக்கம். கப்பலூர்ப் பக்கம் நம் கம்பெனியில் 14 வருஷமாகக் கட்டிங்கில் நிற்கிறேன். லே ஹெல்பராகச் சேர்ந்தவன், இன்று லே சூப்பர்வைசர். போன வாரம் கட்டிங் கதவில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். 54 சட்டை ஷார்ட் ஆனதற்குக் கட்டிங் பிரிவுதான் பொறுப்பு, அதன் மதிப்பு எங்கள் இன்சென்டிவில் பிடிக்கப்படும், இனி லே போடும்போது, அதாவது துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரிக்கும்போது, முனையில் விடுகிற இரண்டு சென்டிமீட்டரும் விடக் கூடாது என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஆர்டருக்கு வந்த ரோல்களின் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, அவர் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் இந்த நோட்டீஸே வந்திருக்காது.

நடந்தது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் கணக்கைச் சொல்கிறேன். 6,000 சட்டை ஆர்டர். 9,600 மீட்டர் துணி வந்தது. மில்லின் பேக்கிங் லிஸ்டில் எல்லா ரோலுக்கும் ஒரே பன்னா, 58 இன்ச். உண்மையில் வந்ததோ மூன்று பன்னா. ஏறக்குறைய 2,000 மீட்டர் 57 இன்ச், 4,600 மீட்டர் 58, மீதி 3,000 மீட்டர் 59. இரண்டு பக்கக் கரையிலும் அரை அரை இன்ச் தள்ளினால் வெட்டுவதற்குக் கிடைப்பது 56, 57, 58.

இதை யாரும் முன்னால் அளக்கவில்லை. முதல் லேயில் குறுகிய ரோல் ஒன்று வந்து ஓரத்துப் பீஸ்கள் துணிக்கு வெளியே போனதும் பதறிப்போய், வம்பே வேண்டாம் என்று பீஸ்களை எப்படி அடுக்கி வெட்டுவது என்று காட்டும் மார்க்கரை 56 இன்ச்சுக்கு ஒன்றே ஒன்று போட்டு, மொத்த ஆர்டரையும் அதிலேயே வெட்டச் சொன்னீர்கள். குறுகிய துணியில் அகல மார்க்கரை வைத்தால் பீஸ் வெட்டுப்படும், அதனால் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அகலத் துணியில் குறுகிய மார்க்கரை வைப்பதும் நஷ்டம்தானே? அந்த நஷ்டம் சத்தமில்லாமல் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு போயிற்று என்று பாருங்கள். 56 இன்ச் மார்க்கரில் ஆறு சட்டை, நீளம் 9.50 மீட்டர். ஷார்ட் ஆன பிறகு நான் கம்ப்யூட்டரில் மார்க்கர் போடுகிற கேட் ரூம் தம்பியிடம் கேட்டு, அதே ஆறு சட்டையை 57-க்கும் 58-க்கும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 57-இல் 9.34 மீட்டர், 58-இல் 9.18 மீட்டர் வந்தது. மொத்தம் 991 அடுக்கு வெட்டினோம். அதில் நடுப் பன்னா துணி 475 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 16 சென்டிமீட்டர் வீண், ஆக 76 மீட்டர். அகலப் பன்னா 310 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 32 சென்டிமீட்டர், ஆக 99 மீட்டர். இரண்டும் சேர்ந்து 175 மீட்டர். அதில் 110 சட்டை வெட்டியிருக்கலாம். ஷார்ட் 54. ஆர்டரும் முடிந்து 50 சட்டைக்கு மேல் கையிலும் நின்றிருக்கும். மீட்டர் 190 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய்க்கு மேல் துணி. நாங்கள் இதைத் திருடவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. எங்களுக்குக் கொடுத்த மார்க்கரிலேயே இந்த நஷ்டம் இருந்தது.

ஆனால் நீங்கள் தேடியது எங்கே? சாயங்காலம் ஷிப்ட் முடிந்து உசிலம்பட்டி, திருமங்கலம் வண்டிக்கு ஓடுகிற எங்கள் ஹெல்பர் பெண்களைக் கேட்டில் நிறுத்தி, சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸ் மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். நான்கு நாள். அதில் ஒருவருக்கு என் அம்மா வயது. பையை மூடும்போது அந்த அம்மாவின் கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் காலையில் வேஸ்ட் மூட்டை ஒன்றைப் பிரித்தேன். மூட்டையையே நல்ல துணிக் கீற்றால்தான் கட்டியிருந்தார்கள். ஒரு கீற்றை எடுத்து மேஜைமேல் போட்டு டேப் வைத்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மார்க்கர் நீளம், ஒன்பதரை மீட்டர். அகலம் இரண்டரை இன்ச். நாங்கள் ஒரு பக்கக் கரையைச் சேர்த்து வைத்துத்தான் விரிப்போம், அதனால் மிச்சம் எல்லாம் மறு பக்கத்தில் தள்ளும். அந்தக் கீற்று அரை இன்ச் இருக்க வேண்டியது. மீதி இரண்டு இன்ச்சில் ஒரு கறை இல்லை, ஓட்டை இல்லை, முழு நல்ல துணி. அப்படிக் கீற்று ஒரு லேக்கு நூறு. டிபன் பாக்ஸில் தேடிய துணி அங்கேதான் இருந்தது, நீங்கள் கிலோ கணக்கில் விற்கிற மூட்டையில்.

கம்ப்யூட்டரில் மார்க்கர் எஃபிஷியன்சி 86 சதவீதம் காட்டியதே என்று மீட்டிங்கில் கேட்டீர்கள். காட்டும். மார்க்கருக்குக் கொடுத்த 56 இன்ச்சுக்குள் எவ்வளவு பீஸ், எவ்வளவு இடைவெளி என்று மட்டும்தான் அது கணக்குப் போடும். அதற்கு வெளியே கிடக்கிற துணி அதன் கண்ணில் படாது. 58 இன்ச் கிடைக்கிற துணியில் அதே மார்க்கரை விரித்தால் உண்மை அளவு 83 சதவீதம்தான். ஆகவே தயவுசெய்து திரையில் வருகிற சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டோரிலிருந்து எத்தனை மீட்டர் வந்தது, எத்தனை சட்டை வெட்டினோம் என்ற கணக்கைப் பாருங்கள்.

முனை விஷயத்துக்கு வருகிறேன். அடுக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு, ஆக நான்கு சென்டிமீட்டர் விடுகிறோம். 991 அடுக்குக்கு 40 மீட்டர். அதை முழுதாக நிறுத்தினாலும் 25 சட்டைதான் கிடைத்திருக்கும், 54 ஷார்ட் தீர்ந்திருக்காது. அதோடு அந்த இரண்டு சென்டிமீட்டர் சும்மா விடுவதில்லை. விரிக்கும்போது கொஞ்சம் இழுவை எப்படியும் இருக்கும், விட்டதும் துணி உள்வாங்கும். நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் அடுத்த ஆர்டரில் அப்படியே செய்தோம், கீழ்ப்படிந்துதான் செய்தோம். லேயின் கடைசியில் இருந்த முன்பாகம் 31 அடுக்கில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே ஷேடு பிட்டைத் தேடி மறுபடி வெட்டினோம். அந்த இடத்தை நம்பித்தான் விரிப்பவர் துணியை இழுக்காமல் விடுகிறார். அதைப் பிடுங்கினால் பயத்தில் இழுப்பார், இழுத்து வெட்டின சட்டை துவைத்ததும் சுருங்கும்.

என் மாமா புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். யாராவது வந்து சட்டைக்கு எத்தனை மீட்டர் எடுக்க என்று கேட்டால், அவர் வாயிலிருந்து முதலில் வருவது "என்ன பன்னா?" என்ற கேள்விதான். அது தெரியாமல் மீட்டர் சொல்ல மாட்டார். ஒரு சட்டைக்கே அப்படி என்றால் 6,000 சட்டைக்கு எத்தனை தடவை கேட்டிருக்க வேண்டும்?

நான் கேட்பது ஒன்றுதான். மார்க்கர் போடுவதற்கு முன் ஒவ்வொரு ரோலின் பன்னாவையும் அளக்க விடுங்கள். இப்போது பத்து ரோலுக்கு ஒன்றுதான் செக்கிங் மெஷினில் ஓடுகிறது. அதில் ஓடுகிற ரோலை ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை ஸ்டிக்கரில் எழுதலாம். ஓடாத ரோலை இரண்டு மீட்டர் பிரித்து, இழுக்காமல் மேஜையில் படியவிட்டு அளந்தால் போதும். உள்ளே கொஞ்சம் மாறுகிற ரோலும் வரும், லே போடும்போது நாங்கள் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வோம். அப்புறம் ஷேடு கலக்காமல் பன்னாவாரியாக ரோலைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மார்க்கர் கொடுங்கள்.

மூன்று மார்க்கர் என்றால் வேலை மூன்று மடங்கு என்று பிளானிங்கில் சொல்கிறார்கள். கட்டிங்கில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. 991 அடுக்கை நாங்கள் ஒரே லேயாகப் போடவில்லை, லேக்கு நூறு கணக்கில் பத்து லே போட்டோம். குறுகிய பன்னாவுக்கு இரண்டு, நடுவுக்கு ஐந்து, அகலத்துக்கு மூன்று என்று பிரித்திருந்தாலும் அதே பத்து லேதான். கூடுதல் வேலை கேட் ரூமில் இரண்டு மார்க்கர், ஸ்டோரில் ஒரு நாள் டேப் பிடிப்பது, அவ்வளவே.

எல்லா ஆர்டருக்கும் இது இதே அளவு லாபம் தரும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பன்னாவில் நாலைந்து ரோல்தான் இருக்கிறதென்றால் அதை அடுத்த குறுகிய பிரிவோடு சேர்ப்பதுதான் சரி. சில மாடலில் ஒரு இன்ச் கூடினாலும் முதுகுப் பாகமும் கையும் அப்படியேதான் உட்காரும், மார்க்கர் நீளம் குறையாது. அதைக் கேட் ரூமில் போட்டுப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். போட்டுப் பார்க்காமல் முடிவு செய்வதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பையர் வந்தால் தையல் லைனைக் காட்டுகிறீர்கள், அங்கே ஏர் கூலர் இருக்கிறது. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் நாள் முழுக்க லே மேஜையைச் சுற்றி நடக்கிறோம், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஷார்ட் வந்தால் மட்டும் முதலில் எங்களிடம்தான் வருகிறீர்கள். துணியை புக் செய்தவர், பேக்கிங் லிஸ்டை நம்பி உள்ளே இறக்கியவர், மார்க்கருக்கு ஓகே சொன்னவர் யாருக்கும் நோட்டீஸ் இல்லை. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போதைக்குப் பணிவாகக் கேட்டுக்கொள்வது: இன்சென்டிவில் பிடிக்கும் நோட்டீஸைத் திரும்பப் பெறுங்கள். முனையில் இரண்டு சென்டிமீட்டரைத் திருப்பிக் கொடுங்கள். கேட்டில் சாப்பாட்டுப் பை திறப்பதை நிறுத்துங்கள், அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள். பன்னா அளந்த பிறகு மார்க்கர் போடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை அடுத்த ஆர்டருக்கு 84 ரோல் இறங்குகிறது. இரண்டு ஆளும் ஒரு பகலும் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் ரோல் நம்பர் வாரியாகப் பன்னாப் பட்டியல் கேட் ரூம் மேஜையில் இருக்கும். அது வரும்வரை மார்க்கர் போட வேண்டாம் என்று மட்டும் அங்கே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கட்டிங் பிரிவிலிருந்து ஒரு லே சூப்பர்வைசர்