கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், புட்டிப்பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான குறிப்புகளில் ஒரு வரி வந்திருந்தது. "கிணற்று நீராக இருந்தாலும் இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்தால் குழந்தைக்கு எந்தப் பயமும் இல்லை." இதை எழுதியவர் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மேசையைத் தாண்டித்தானே அச்சுக்குப் போயிருக்கும்? கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட் போகாது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருக்க முடியாது. தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஏற்காட்டு மலையிலும் வேலை பார்த்தேன், கீழே வாழப்பாடிப் பக்கமும் பார்த்தேன். உங்கள் அந்த ஒரு வரி சொல்வதையே சில வருடங்களுக்கு முன்பே அப்படியே நம்பி நடந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

தோட்டத்து வீடு. கிணறு வீட்டுக்குப் பின்னால். கிணற்றுக்கு ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகையும் எருக்குழியும், இன்னொரு பக்கம் அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறையின் உறிஞ்சுகுழி. சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு, யூரியா தாராளமாக விழும் காடு. அந்த வீட்டு மருமகளுக்கு மார்பில் கட்டி வந்து அறுத்தார்கள். கைக்குழந்தைக்கு டப்பா பால் ஆரம்பித்தார்கள். மாமியார் ரொம்பச் சுத்தமானவர். குழந்தைக்குத் தனிப் பாத்திரம் வைத்து, தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க விட்டு, வற்றி இறங்கியதைத்தான் பாலுக்கு எடுப்பார்.

குழந்தையின் உதடும் நகக்கண்ணும் சாம்பல் பூத்த நீலமாகிவிட்டன. சளி என்றார்கள், தோஷம் என்று கயிறு கட்டினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கொஞ்சம் தெளிந்தது, வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள், மறுபடி நீலம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது பால் கலக்கியது மேட்டூர் தண்ணீரில், வீட்டில் கலக்கியது கிணற்றுத் தண்ணீரில் என்று அப்போது யாருமே யோசிக்கவில்லை. நுரையீரலில் சத்தம் இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை, ஆனாலும் குழந்தை நீலம். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி 85 காட்டுகிறது, ஆக்சிஜன் வைக்கிறார்கள், அப்புறமும் அதே 85. சாதாரண மூச்சுத்திணறல் என்றால் ஆக்சிஜன் வைத்ததும் எண் ஏற வேண்டும். இங்கே அந்தக் கருவியையே நம்பக் கூடாது. இந்தக் கோளாறு முற்ற முற்ற அது 85-ஐ ஒட்டியே நின்றுவிடும், உள்ளே நிலைமை அதைவிட மோசமாக இருந்தாலும்.

கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்தபோதுதான் பிடிபட்டது. ஊசியில் வந்த ரத்தம் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு அப்படியே வைத்தார். ஆக்சிஜன் குறைந்த சாதாரண ரத்தம் காற்றுப் பட்டதும் சிவந்துவிடும். இது சிவக்கவில்லை. உடனே மெத்திலீன் ப்ளூ என்ற மருந்தைக் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு, நரம்பில் மெதுவாக ஏற்றினார். ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான் அதன் அளவு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதால், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று விசாரித்துக்கொண்டுதான் கொடுத்தார். சிறிது நேரத்தில் உதடு சிவந்தது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பிழைத்தது அந்த டாக்டரம்மாவின் கண்ணால்.

என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீரில் உள்ள நைட்ரேட்டை வயிற்றிலும் குடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பின் தன்மையை மாற்றிவிடுகிறது. மாறிப்போன ஹீமோகுளோபினுக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர். அது ஆக்சிஜனைப் பிடிக்காது, பக்கத்தில் உள்ள நல்ல ஹீமோகுளோபின் பிடித்திருப்பதையும் உடம்புக்குச் சரியாக விட விடாது. பெரியவர்கள் உடம்பில் இதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது. பிறந்து சில மாதங்கள் வரை குழந்தைக்கு அது ஏறத்தாழ பாதிதான். அதன் வயிற்றில் அமிலமும் குறைவு என்பதால் அந்த நுண்ணுயிர்களுக்கு அங்கே வசதி. இதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். எல்லாக் குழந்தைக்கும் இது வந்துவிடாது என்பதும் உண்மை. அதனால்தான் "எங்க மூத்தவன் இதே தண்ணியிலதான் வளந்தான்" என்று வாதாடுகிறார்கள், நாமும் வாயடைத்துப் போகிறோம்.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1945-லேயே அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டாக்டர் ஹண்டர் காம்லி, பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிய பாலைக் குடித்து நீலமான குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டார்.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். அந்த வீட்டுக்காரர் விவரமானவர். முன்பே கிணற்றுத் தண்ணீரைச் சேலத்தில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்திருந்தார். சீட்டில் 28 என்று இருந்தது. "45 வரைக்கும் குடிக்கலாம்னு சொன்னாங்கம்மா, நம்மளது 28தான்" என்று என்னிடம் காட்டினார். நம் நாட்டுத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது சரிதான். ஆனால் அது நைட்ரேட்டுக்கு. அவர் சீட்டில் இருந்தது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் கணக்கு. பொடி எழுத்தில் பக்கத்திலேயே 'நைட்ரஜனாக' என்று போட்டிருந்தார்கள். அப்படி வந்தால் 4.43-ஆல் பெருக்க வேண்டும். 28 என்பது 124 ஆகிவிடும். அனுமதித்த அளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். சீட்டைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காசு வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள், அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தண்ணீரை உங்கள் பத்திரிகை சொன்னபடி கொதிக்க வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டரில் கால் லிட்டர் ஆவியாகப் போகிறது. நைட்ரேட் ஆவியாகாது. ஒரு லிட்டரில் இருந்த 124 மில்லிகிராமும் மீதி முக்கால் லிட்டரிலேயே நிற்கும், அதாவது லிட்டருக்கு 165. ஐந்து கிலோ குழந்தை ஒரு நாளைக்குக் குடிக்கும் பாலும் ஏறத்தாழ அந்த முக்கால் லிட்டர்தான். அப்படியானால் கிலோவுக்கு 25 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதே கிணற்றில் இரண்டு லிட்டர் குடிக்கும் அறுபது கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 4 சொச்சம். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேத்திக்கு மட்டும் ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இன்னும் கொஞ்சம் நேரம் கொதிக்கட்டும் என்று அந்த மாமியார் அடுப்பைக் கூட்டக் கூட்ட விஷம் கூடிக்கொண்டே போனது. சுத்தம் பார்த்த கை அது. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

மனசு ஆறாததால் இன்னும் சிலதும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை கட்டும்போது குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது டேப் பிடித்துப் பார்த்தார்களா? போட்டோ எடுத்தார்கள், பணம் ஏறியது. நம் சேலத்துப் பூமி பாறை. மேலே கொஞ்சம் மண், கீழே வெடிப்பு விட்ட கல். குழியில் இறங்குவது அந்த வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். ஆழ்துளை போட்டால் தப்பிக்கலாம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, வெடிப்பு அதுவரை இறங்கியிருந்தால் அதிலும் வரும். மலைமேல் இருந்தபோதும் இதே பாடுதான். ஊற்றுத் தண்ணீர் என்றால் சுத்தம் என்பார்கள். அந்த ஊற்றுக்கு மேலே காபித் தோட்டம், மழைக்கு முன்னால் உரம். எப்படிச் சொன்னாலும் காதில் ஏறாது. பஞ்சாயத்துக்கு வந்த தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி பீரோவில் பூட்டிக் கிடந்து, மருந்து காலாவதியானதை நானே பார்த்தேன். உங்கள் பத்திரிகையிலேயே ஒருமுறை தண்ணீர் வடிகட்டி பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டீர்கள். கார்பன் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் நைட்ரேட்டைத் தொடவே தொடாது, ஆர்ஓ இயந்திரம் குறைக்கும், அதுவும் சவ்வு நன்றாக இருக்கும்வரைதான் என்று அதில் ஒரு வரி இல்லை. அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டேன்.

ஒன்று முக்கியம். தாய்ப்பால் கொடுக்கும் அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாலும் பாலில் நைட்ரேட் ஏறிச் சேர்வதில்லை. "தண்ணி சரியில்ல, அதனால டப்பா பால் கொடு" என்று தாய்ப்பாலை நிறுத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது தலைகீழ்ப் பாடம். டப்பா பால்தான் வழி என்றால், பரிசோதித்த குழாய்த் தண்ணீரில் கலக்குங்கள், குறைந்தது ஆறு மாதம் வரைக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரி வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், கிணற்று நீரைக் கொதிக்க வைப்பது நைட்ரேட்டுக்குத் தீர்வாகாது, கூட்டவே செய்யும் என்று ஒரு திருத்தம் போடுங்கள். கைக்குழந்தைக்குக் கிணற்று நீரைக் கொடுக்கும் முன் பரிசோதிக்க வேண்டும், மழைக்குப் பின் இன்னொரு முறை பார்க்க வேண்டும், சீட்டில் 'நைட்ரஜனாக' என்று இருந்தால் 4.43-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இடம் போதாது என்றால் என் கடிதத்தைப் போட வேண்டாம், திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்.