கலப்பதால் அல்ல, விரிவதால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வெப்ப இயக்கவியல் கட்டுரை, இரு வாயுக்கள் கலக்கும்போது ஒழுங்கின்மை கூடுவதால் என்ட்ரோபி உயர்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டது. இரு பக்கமும் ஒரே வாயு இருந்தால் ஏன் உயர்வதில்லை என்று ஒரு மாணவர் கேட்டால், இந்த விளக்கத்தைக் கொண்டு பதில் சொல்ல முடியாது.

நடுவே தடுப்புள்ள ஒரு பெட்டியில் இடப்பக்கம் ஒரு மோல் ஆர்கானும் வலப்பக்கம் ஒரு மோல் நியானும் ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இருப்பதாகக் கொள்வோம். நல்லியல்பு வாயுக்களில் அணுக்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதோ விலக்குவதோ இல்லை என்பதால், தடுப்பை நீக்கியதும் ஒவ்வொரு வாயுவும் மற்றது அங்கே இல்லாததுபோலவே இரு மடங்கு கனஅளவுக்கு விரிகிறது. ஒவ்வொன்றும் R ln 2 அளவு கூட்ட, மொத்த உயர்வு 2R ln 2, அதாவது கெல்வினுக்குச் சுமார் 11.5 ஜூல். அதே இரண்டையும் ஒரு பக்கத்தின் கனஅளவுக்குள்ளேயே, வெப்பநிலை மாறாமல், சேர்த்து அடைத்தால், முழுமையாகக் கலந்திருந்தும் என்ட்ரோபி மாறாது. உயர்வுக்குக் காரணம் விரிவுதான்.

அப்படியானால், இரு பக்கமும் ஆர்கான் இருந்தாலும் அணுக்கள் மறுபக்கம் பரவத்தானே செய்கின்றன? விடை எண்ணும் முறையில் இருக்கிறது. இரு ஆர்கான் அணுக்களை இடம் மாற்றினால் புதிய நிலை எதுவும் பிறக்காததால், V கனஅளவில் N அணுக்களுக்குரிய நிலைகளின் எண்ணிக்கையை Vᴺ/N! என்றே எடுக்க வேண்டும். தடுப்பு நீங்கியதும் கனஅளவு இரட்டிப்பதால் எண்ணிக்கை 2²ᴺ மடங்கு பெருகுகிறது, ஆனால் கீழே (N!)² இருந்த இடத்தில் (2N)! வந்து, ஏறக்குறைய அதே மடங்கு அதைக் குறைத்துவிடுகிறது. மிஞ்சுவது √(πN) மட்டுமே. ஒரு மோலுக்கு இதன் இயல் மடக்கை ஏறத்தாழ 28. போல்ட்ஸ்மான் மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி உயர்வாகக் கெல்வினுக்கு 4 × 10⁻²² ஜூல் அளவே வரும். எந்தக் கருவிக்கும் எட்டாத இந்த மிச்சம்கூட, முன்பு பக்கத்துக்குச் சரியாக N என்றிருந்த அணுக்கள் இப்போது சற்றே ஏறி இறங்குவதால் வருவது. இந்தக் கணக்கை முதன்முதலில் நானே போட்டு முடித்தபோது அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

இதில் அரைகுறை ஒற்றுமைக்கு இடமில்லை என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. ஆர்கான்-36, ஆர்கான்-40 ஆகிய ஐசோடோப்புகள் வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொண்டாலும், கலந்தால் உயர்வு முழு 2R ln 2. வாயுக்கள் எவ்வளவு வேறுபட்டவை என்பதைப் பொறுத்து இந்த அளவு மாறாது என்பதை கிப்ஸ் 1870-களிலேயே சுட்டிக்காட்டினார். அந்த ஐசோடோப்புகளை 300 கெல்வினில் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் குறைந்தது 3,460 ஜூல் வேலை செய்தாக வேண்டும். இரு பக்கமும் ஒரே வாயு என்றால் தடுப்பை மீண்டும் செருகினாலே போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்