செயலாளரின் ஆண்டறிக்கை 2022–23: ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுத்த முறை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் இயங்கும் நமது அறிவியல் மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான ஆய்வுத் தலைப்பை நம் குழந்தைகள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். ஆய்வு நன்றாக அமைவதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் தலைப்பு முடிவாகும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

1993 முதல் நடந்துவரும் இம்மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள குழந்தைகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையுடன், தங்கள் ஊரின் ஒரு சிக்கலைச் சில மாதங்கள் நேரில் ஆராய்ந்து அறிக்கை அளிக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் மையக்கருத்து, ஆரோக்கியத்துக்கும் நல்வாழ்வுக்குமாகச் சூழலமைப்பைப் புரிந்துகொள்வது என்பதாகும். அதற்குள் அடங்கும் தலைப்பைப் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்காமல், குழந்தைகளே ஊரைச் சுற்றிப் பார்த்துப் பட்டியல் போடட்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

மே மாத நடுவில், குழந்தைகள் குழுக்களாகப் பிரிந்து தங்கள் தெருக்களில் நடந்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் கடைக்காரர்களிடமும் பேசினார்கள். காவிரி மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகள், மகாமகக் குளத்திலும் பொற்றாமரைக் குளத்திலும் தண்ணீர் பச்சையாகத் தெரிவது, தெருக்குழாய்களில் ஒழுகும் நீர், மாலையில் தாங்க முடியாத கொசு, பள்ளி விடும் நேரத்து வாகன நெரிசல், குடிநீரில் சில நாள் குளோரின் வாடை வருவதும் சில நாள் வராததும் என்று பட்டியல் நீண்டது. சிலர் "சுற்றுச்சூழல் மாசு" என்று மட்டும் எழுதி வந்திருந்தார்கள். அவற்றை நாங்கள் நீக்கவில்லை. எந்தத் தெருவில், எதைக் கண்டு அப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டோம். அந்தக் கேள்விக்குப் பிறகு அதே குழந்தை, தன் வீட்டுப் பின்புறச் சாக்கடையில் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி விரிவாகச் சொன்னது.

அடுத்த கட்டத்தில், ஒவ்வொரு சிக்கலையும் ஒற்றை வாக்கியக் கேள்வியாக மாற்றச் சொன்னோம். எதை அளப்பது, எதைக்கொண்டு அளப்பது, எங்கே அளப்பது, எதோடு ஒப்பிடுவது ஆகிய நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "கொசுத் தொல்லை" என்ற சொல்லுக்கு மதிப்பெண் போட முடியாது. "தண்ணீர் தினமும் வரும் தெருவைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில் கொசுப்புழு உள்ள பாத்திரங்கள் அதிகமா?" என்ற கேள்விக்குப் போட முடியும். இப்படி மாற்ற இயலாத சிக்கல்கள் இந்தக் கட்டத்திலேயே கழிந்தன.

எஞ்சியவற்றை ஐந்து கோணங்களிலிருந்து மதிப்பிட்டார்கள்: குழந்தைகளே அளக்க முடியுமா, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் அந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியுமா, அனுமதி கிடைக்குமா, ஆபத்து இல்லாததா, கருவிகள் கைக்கெட்டும் விலையில் உள்ளனவா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் தரப்பட்டது. இம்மதிப்பெண்களைக் கூட்டாமல் பெருக்க வேண்டும் என்று வகுத்திருந்தோம். காரணம் எளிது. கோயில் குளத்தின் நீரை ஆராயும் தலைப்புக்குக் காலத்தில் 2, அளத்தலிலும் அனுமதியிலும் கருவியிலும் ஒவ்வொன்று என்று குழந்தைகள் போட்டிருந்தார்கள். ஆழமான குளத்தின் பாசி படிந்த படிகளில் இறங்கி நீர் எடுக்க வேண்டும் என்பதால் பாதுகாப்பில் 0 விழுந்தது. கூட்டினால் பத்துக்கு ஐந்து கிடைத்து அத்தலைப்பு பட்டியலின் நடுவில் நின்றிருக்கும். பெருக்கினால் பூஜ்யம் ஆகிவிடும். செய்யவே முடியாத ஒன்றை மற்ற நான்கு வசதிகள் ஈடுகட்ட மாட்டா என்பதைக் குழந்தைகள் இக்கணக்கிலேயே கண்டுகொண்டார்கள்.

இந்த ஐந்தில் பெரியவர்களும் எளிதில் மறந்துவிடுவது காலம்தான். அதைச் சற்று விளக்க விரும்புகிறேன். நாங்கள் பட்டியல் போட்டபோது காவிரி வறண்டு கிடந்தது. மணலில் கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் அதையே முதலிடத்தில் வைத்திருந்தார்கள். வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை அந்த ஆண்டு மே 24 அன்றே திறக்கப்பட்டது. ஜூலை, ஆகஸ்டில் ஆறு நிறைந்து ஓடியது. மணலில் கட்டம் போட்டுக் குப்பையை எண்ணும் திட்டத்துக்கு அளக்கவே இடமில்லாமல் போயிருக்கும். அணை வழக்கமான நாளிலேயே திறந்திருந்தாலும் ஜூலையில் நிலைமை இதுதான். பட்டியல் போடும் மாதத்தில் ஊர் எதற்காக வருந்துகிறதோ, அது ஆய்வு நடக்கும் மாதங்களில் காணாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அது ஊரில் எந்த மாதங்களில் தெரியும் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதச் செய்தோம்.

பெருக்கலுக்குப் பின் இரண்டு கேள்விகள் முன்னணியில் நின்றன. ஒன்று தெருக்குழாய் ஒழுகல், மற்றது கொசுப்புழு. எது ஊருக்கு முக்கியம் என்ற கேள்வியை அதன் பிறகே எழுப்பினோம். அதை முன்னதாகக் கேட்டிருந்தால் எல்லாரும் பெரிய சிக்கலையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பார்த்தபோது அது நிரம்ப ஏறத்தாழ 12 நிமிடம் ஆயிற்று. அதாவது மணிக்கு 5 லிட்டர். இதை 24 மணி நேரத்தால் பெருக்கி நாளுக்கு 120 லிட்டர் வீணாகிறது என்று ஒரு குழு எழுதியது. அக்குழாயில் தண்ணீர் வருவதே காலையில் இரண்டு மணி நேரம்தானே என்று அதே தெருவில் வசிக்கும் மாணவி சுட்டிக்காட்டினாள். உண்மையில் ஒரு குழாயில் வீணாவது 10 லிட்டர், அதாவது ஒரு வாளி. செய்ய எளிதான ஆய்வு என்றாலும், அதன் விடை ஊருக்குத் தரும் பயன் குறைவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கொசுப்புழு ஆய்வு தேர்வானது.

தேர்வான தலைப்பையும் உடனே தொடங்கவில்லை. ஒரு சந்தில் மட்டும் முன்னோட்டம் பார்த்தோம். தாளில் அனுமதிக்கு 2 போட்டிருந்த குழந்தைகள், அறிமுகமில்லாத வீடுகளில் கொல்லைப்புறம் வரை போக முடியாது என்பதை அங்கே உணர்ந்தார்கள். அத்தெருவில் வசிக்கும் ஆசிரியை உடன் வந்தபோது கதவுகள் திறந்தன. தரைக்கடியில் உள்ள சம்ப்பினுள் டார்ச் அடித்தும் புழுவைக் காண இயலவில்லை. மாடித் தொட்டியில் ஏறுவது ஆபத்து. ஆகவே இரண்டையும் ஆய்விலிருந்து விலக்கி, தரைமட்டத்தில் உள்ள டிரம், சிமெண்ட் தொட்டி, குடம், ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, குப்பையில் கிடக்கும் சிரட்டை, டயர் ஆகியவற்றை மட்டும் பார்ப்பது என வரையறுத்தார்கள். இந்த எல்லையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதவும் செய்தார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தேவைப்பட்ட பொருள்கள் டார்ச், வெள்ளைக் கிண்ணம், இங்க் பில்லர், உருப்பெருக்கிக் கண்ணாடி, பதிவேடு ஆகியவையே. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பது அனோஃபிலிஸ் புழு. தலைகீழாகச் சாய்ந்து தொங்குபவை ஏடிஸும் கியூலெக்ஸும். அவ்விரண்டில் ஏடிஸின் மூச்சுக்குழல் குட்டையானது. இவ்வேறுபாட்டை வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களில் "கொசுப்புழு" என்று மட்டும் பதிவு செய்தார்கள். கணக்கிடும் முறையைச் சுகாதாரத் துறையினர் பயன்படுத்தும் குறியீடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டோம். எடுத்துக்காட்டாக, 50 வீடுகளைப் பார்த்து 6 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அந்த 6 வீடுகளில் புழு உள்ள பாத்திரங்கள் 9 என்றால், நூறு வீட்டுக்கு 18 என்பது பிரெட்டோ குறியீடு. முதலாவது குறைந்தும் இரண்டாவது உயர்ந்தும் இருந்தால், சில வீடுகளிலேயே பாத்திரங்கள் குவிந்துள்ளன என்று பொருள். அப்போது தெரு முழுவதும் பேசுவதைவிட அவ்வீடுகளுக்குச் செல்வதே பயன் தரும்.

தண்ணீர் விட்டுவிட்டு வரும் தெருவில் புழு மிகுதியாகக் காணப்பட்டது. அவை குப்பையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைகளிலும் டயர்களிலும் இருந்ததைவிட, தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்களிலும் சிமெண்ட் தொட்டிகளிலுமே அதிகம் இருந்தன. பருவமழைக்கு முந்தைய மாதங்கள் என்பதால் இது எதிர்பார்க்கத் தக்கதே. மழைக்குப் பின் சிரட்டைகளின் பங்கு கூடக்கூடும்; அதை இந்த ஆய்வால் சொல்ல இயலாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் போதாது, வாரம் ஒருமுறை தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று குழந்தைகள் வீடுவீடாகச் சொன்னார்கள். மறுவாரம் அதே வீடுகளில் மீண்டும் எண்ணினார்கள். தேய்த்த தொட்டிகளில் புழு குறைந்திருந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீடுகள் தொட்டியைக் காலி செய்யத் தயங்கின. அத்தயக்கத்தையும் காரணத்தோடு பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டும் முன்மொழிவுகள் இரண்டு. தெருக்களில் நடந்து சிக்கல்களைப் பதியும் வேலையை மே மாதத்தோடு நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் நடத்தி, ஒவ்வொரு சிக்கலும் தெரியும் மாதங்களைக் குறிக்கும் பொதுப் பதிவேடு ஒன்றை மன்ற அலுவலகத்தில் வைக்க வேண்டும். குளோரின் தலைப்பு இம்முறை கருவி இல்லாமையால் மட்டுமே கழிந்தது. குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். அதை நிறம் பார்த்து அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்றை மன்றச் செலவில் வாங்கினால், அக்கேள்வியின் பூஜ்யம் இரண்டாக மாறும்.

கேள்வித்தாள்களையும், மதிப்பெண் தாள்களையும், குழந்தைகளின் பதிவேடுகளையும் உறுப்பினர்கள் பார்ப்பதற்காக மேசையில் வைத்திருக்கிறோம். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்